பழைய சமையல் குறிப்பு அட்டையைப் படத்திலிருந்து வாசித்து, டம்ளரையும் கரண்டியையும் கிராமுக்கு மாற்றுவது எப்படி?

தோழி ஒருத்தி, தன் பாட்டி கைப்பட எழுதி வைத்திருந்த கேக் குறிப்பைப் போனில் படம் எடுத்து அனுப்பினாள். பாட்டி இப்போது இல்லை. அந்த டம்ளரும் இல்லை. அட்டையின் நடுவில் எண்ணெய்க் கறை, ஒரு மூலையில் பால் சிந்திய தடம். படத்தில் முதல் பார்வைக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:

> மைதா – 2 டம்ளர்
> சர்க்கரை – 11/4 டம்ளர்
> வெண்ணெய் – 3 முட்டை அளவு
> முட்டை – 3
> பேக்கிங் பவுடர் – 2 (?)ே.க.
> பால் – (?)/4 டம்ளர்
> உப்பு – சிட்டிகை
> 350 – 40 நிமிடம்

இந்த ஒரே அட்டையை வைத்து முழு வேலையையும் சொல்கிறேன். "ஒரு டம்ளர் எத்தனை மில்லி" என்று எங்காவது தேடி, கிடைத்த எண்ணால் பெருக்கிவிடுவதுதான் பெரும்பாலானோர் செய்வது. அங்கேதான் கேக் கெடுகிறது. எழுதியவரின் டம்ளர் எவ்வளவு பெரியது என்பதற்கான தடயம் பெரும்பாலும் அவர் எழுதிய அட்டைகளிலேயே இருக்கும். அதைத் தேடி எடுப்பதுதான் இதில் உண்மையான வேலை.

1. முதலில் நல்ல படம்

அட்டை யாரிடமாவது இன்னும் இருக்கிறதென்றால் மறுபடி படம் எடுக்கச் சொல்லுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் போதும். போன் அட்டைக்கு நேர் மேலே, சாயாமல் இருக்க வேண்டும். அட்டையின் பின்பக்கத்தையும் எடுக்கச் சொல்லுங்கள். திருத்தங்களையும் "சர்க்கரை குறைக்கவும்" போன்ற வரிகளையும் பலர் பின்னால்தான் எழுதுவார்கள். இன்னொரு படம், அறையை இருட்டாக்கி, டார்ச்சை அட்டைக்குப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்து எடுத்தது வேண்டும். பால்பாயிண்ட் பேனாவும் பென்சிலும் காகிதத்தில் பள்ளம் விடும். மை மங்கிப்போனாலும் அந்தப் பள்ளத்தின் நிழல் சாய்ந்த வெளிச்சத்தில் தெரியும்.

படத்தை அனுப்பும்போது சாதாரணப் படமாக அனுப்பாமல் கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள். அரட்டைச் செயலிகள் படத்தைச் சுருக்கும்போது முதலில் தொலைவது பின்னத்தின் குறுக்குக்கோடும் புள்ளியும்தான். நமக்குத் தேவையானவையும் அவைதான்.

கறைக்கு ஒரு நல்ல வழி உண்டு. மஞ்சள், பழுப்புக் கறைகள் சிவப்பு ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும். நீல மை அதை விழுங்கிவிடும். ஆகவே படத்தின் சிவப்பு வண்ணப் பகுதியை மட்டும் தனியே பார்த்தால் கறை வெளுத்துப்போய், நீல எழுத்து கருப்பாக நிற்கும். போனில் கறுப்பு-வெள்ளைப் படத்துக்குச் சிவப்பு வடிகட்டி இருந்தால் அதே பலன். கணினியில் ImageMagick என்ற படம் திருத்தும் நிரல் இருந்தால் ஒரே வரி:

```
magick card.jpg -channel R -separate +channel -auto-level card-red.png
```

மை பழுப்பு நிறமாக மங்கியிருந்தால் இது உதவாது. `R` இருக்கும் இடத்தில் `B` போட்டுப் பாருங்கள். காகிதமும் சேர்ந்து கருக்கும், ஆனாலும் சில இடங்களில் எழுத்து தனித்துத் தெரியும்.

2. திருத்தாமல் படியெடுங்கள்

அட்டையில் உள்ளதை உள்ளபடியே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தெரியாத எழுத்துக்குக் கேள்விக்குறி. "இது 1 1/4 ஆகத்தான் இருக்கும்" என்று தோன்றினாலும் 11/4 என்று தெரிந்தால் 11/4 என்றே எழுதுங்கள். ஊகித்ததை முதலிலேயே எழுதிவிட்டால், அப்புறம் அதுதான் அட்டையில் இருந்தது என்று மனம் நம்பிவிடும். மேலே நான் கொடுத்தது அப்படிப்பட்ட படியெடுப்புதான்.

3. அந்தக் கையின் எண்களைத் திரட்டுங்கள்

ஒவ்வொருவரும் எண்களை ஒரே மாதிரி எழுதுவதில்லை. ஒருவருடைய 1 இன்னொருவருடைய 7 போல இருக்கும்; 3-இன் மேல்பகுதி தட்டையாக இருந்தால் 5 போலத் தெரியும். ஆனால் ஒரே ஆள் ஒரே அட்டையில் எழுதும் 3 ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். ஆகவே, சந்தேகமே இல்லாத இடத்திலிருந்து மாதிரிகளை எடுக்க வேண்டும்.

அதற்கு மிகச் சிறந்த இடம் ஓவனின் வெப்பநிலை. கேக் அட்டையில் 350 என்று இருந்தால் அது ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 177 டிகிரி செல்சியஸ். வேறு எதுவாகவும் இருக்க முடியாது. அந்த ஒரே எண்ணிலிருந்து அவருடைய 3, 5, 0 மூன்றும் கிடைத்துவிடுகின்றன. 180 என்று எழுதியிருந்தால் 1, 8, 0. முட்டையின் எண்ணிக்கை, தேதி, நிமிடம் ஆகியவற்றிலிருந்து மற்ற எண்களை எடுக்கலாம். ஒவ்வொன்றையும் படத்திலிருந்து வெட்டி, பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

நம் அட்டையில் பால் வரியில் கறைக்கடியில் பாதி எண் தெரிந்தது: வலப்பக்கம் கீழே ஒரு வளைவு. அது 1/4-ஆ, 3/4-ஆ? பாட்டியின் 1 எல்லா இடத்திலும் நேர்க்கோடு, கொக்கி கிடையாது. 350-இல் உள்ள 3 கீழே அகன்ற வளைவோடு முடிகிறது. கறைக்குள் தெரிந்தது வளைவு. ஆகவே 3/4 என்று எடுத்துக்கொண்டேன், ஆனால் கேள்விக்குறியை அழிக்கவில்லை.

பின்னங்களில் அடிக்கடி ஏமாற்றுபவை இரண்டு. ஒன்று, முழு எண்ணும் பின்னமும் ஒட்டிக்கொள்வது: 1 1/4 என்பது 11/4 ஆகிவிடும். இன்னொன்று, பொருளுக்கும் அளவுக்கும் நடுவே போடும் சின்னக் கோடு செங்குத்தாகச் சாய்ந்து 1 போலத் தெரிவது. அப்படியானால் 11/4 என்பது வெறும் 1/4 ஆகவும் இருக்கலாம். எது என்பதைக் கையெழுத்து மட்டும் சொல்லாது. 8-ஆவது படியில் விகிதம் சொல்லும்.

எழுத்தில் எழுதிய பின்னங்கள் பாதுகாப்பானவை: கால், அரை, முக்கால், ஒன்றேகால், ஒன்றரை. ஒரே ஒரு எச்சரிக்கை, "அரைக்கால்". இது அரையும் இல்லை, காலும் இல்லை. காலில் பாதி, 1/8. அரைக்கால் டம்ளர் பால் என்றிருப்பதை அவசரத்தில் அரை டம்ளர் என்று வாசித்தால் நான்கு மடங்கு பால் சேர்ந்துவிடும்.

4. சுருக்கெழுத்துகள்

தமிழில் எழுதிய அட்டைகளில் மிக ஆபத்தான இரண்டு சுருக்கங்கள் தே.க., மே.க. இரண்டும்தான். தேக்கரண்டி 5 மில்லி, மேசைக்கரண்டி 15 மில்லி. மங்கிய படத்தில் த-வும் ம-வும் பிரிந்து தெரியாவிட்டால் மூன்று மடங்கு வித்தியாசம். ஆங்கில எழுத்தில் எழுதுபவர்களிடமும் இதே சிக்கல்தான்: பெரிய T மேசைக்கரண்டி, சின்ன t தேக்கரண்டி. பெரிய T-யின் மேல்கோடு தண்டின் உச்சியில் இருக்கும். சின்ன t-யில் கோடு கொஞ்சம் கீழே குறுக்கே போகும், அடியில் பெரும்பாலும் வளைவு இருக்கும். எழுத்தின் உயரத்தை நம்பாதீர்கள், கோட்டின் இடத்தைப் பாருங்கள்.

ஆஸ்திரேலியக் குறிப்புகளில் மேசைக்கரண்டி 20 மில்லி. குறிப்பு அங்கிருந்து நகலெடுத்தது என்றால் மட்டும் இதை நினைவில் வையுங்கள்.

"கி." என்றால் கிராமா, கிலோவா? கூட உள்ள எண்ணே சொல்லிவிடும். 1/4 கி. மைதா என்றால் கால் கிலோ. கால் கிராம் மைதாவை யாரும் எழுதமாட்டார்கள். அவுன்ஸ் திடப்பொருளுக்கு 28 கிராம். திரவத்துக்குப் பிரிட்டிஷ் அவுன்ஸ் 28.4 மில்லி, அமெரிக்க அவுன்ஸ் 29.6 மில்லி, வீட்டுச் சமையலில் இந்த வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம். ஆனால் பைண்ட் வந்தால் பொருட்படுத்துங்கள்: பிரிட்டிஷ் பைண்ட் 568 மில்லி, அமெரிக்க பைண்ட் 473.

மிகப் பழைய குறிப்பு என்றால் இன்னொன்றும் உண்டு. தலை தட்டி அளப்பது எப்போதும் இருந்த வழக்கமில்லை. 1890-களில் பாஸ்டன் சமையல் பள்ளியின் ஃபேனி ஃபார்மர் போன்றவர்கள் வலியுறுத்திய பிறகுதான் அது பரவியது. அதற்கு முந்தைய பழக்கத்தில் ஒரு கரண்டி மாவு என்றால் கரண்டிக்குள் எவ்வளவோ அவ்வளவு மேலேயும் குவிந்திருக்கும். "குவித்து", "தட்டி" என்ற சொற்கள் அட்டையில் எங்காவது ஒரே ஓர் இடத்தில் வந்தாலும் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் வேறுபடுத்தி எழுதுபவர் என்று அதிலிருந்து தெரிகிறது.

5. டம்ளரின் அளவு உண்மையிலேயே தேவையா?

எல்லாப் பொருளும் ஒரே டம்ளரால் அளக்கப்பட்டிருந்தால் டம்ளர் எவ்வளவு பெரியது என்பதே முக்கியமில்லை. இரண்டு டம்ளர் மாவுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் என்றால், உங்கள் டம்ளர் எதுவானாலும் பிசைந்த மாவு ஒன்றுதான். அளவு கூடும், குறையும், அவ்வளவே.

டம்ளரால் அளந்த பொருள், எண்ணி அல்லது எடைபோட்டுச் சேர்த்த பொருளைச் சந்திக்கும் இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. நம் அட்டையில் மைதா, சர்க்கரை, பால் மூன்றும் டம்ளரில், முட்டை எண்ணிக்கையில், வெண்ணெய் முட்டை அளவில், பேக்கிங் பவுடர் கரண்டியில். 200 மில்லி டம்ளரை 250 மில்லி என்று தவறாக எடுத்தால் மாவும் சர்க்கரையும் கால் பங்கு கூடும். முட்டையும் வெண்ணெயும் அப்படியே இருக்கும். கேக் சற்று வறண்டு வரும்.

ஆகவே அட்டையில் இரண்டு வண்ணத்தில் கோடிடுங்கள். டம்ளர், கப் அளவுகள் ஒரு வண்ணம். எண்ணிக்கை, எடை, கரண்டி இன்னொரு வண்ணம். ஒரே வண்ணம்தான் என்றால் 6-ஆவது படியைத் தாண்டிப் போகலாம்.

6. டம்ளரைக் கண்டுபிடித்தல்

பாத்திரம் கையில் இருந்தால் வேலை எளிது. சமையல் தராசில் காலி டம்ளரை வைத்துப் பூஜ்யமாக்கி, தண்ணீர் ஊற்றுங்கள். காட்டும் கிராம்தான் மில்லி. எதுவரை ஊற்றுவது என்பதில் கவனம் வேண்டும். மாவை விளிம்புவரை தலை தட்டுவார்கள். பாலை விளிம்புக்கு ஒரு விரல் கீழே நிறுத்துவார்கள், சிந்தாமல் இருக்க. வாய் 7 சென்டிமீட்டர் அகலமுள்ள டம்ளரில் ஒரு சென்டிமீட்டர் குறைந்தாலே 38 மில்லி போய்விடும். ஆகவே இரண்டு அளவையும் எடுத்து வையுங்கள்: விளிம்புவரை, ஒரு விரல் கீழே.

பாத்திரம் இல்லையென்றால், அந்தக் கையால் எழுதிய மற்ற குறிப்புகளைப் பாருங்கள். ஒரே பொருளை அவர் எங்காவது இரண்டு விதமாக எழுதியிருக்கிறாரா என்று தேட வேண்டும். அடைப்புக்குறிக்குள் எழுதிய திருத்தம், "அரை லிட்டர், அதாவது..." போன்ற வரி, பாக்கெட்டின் எடையைக் குறிப்பிட்ட இடம் ஆகியவைதான் தங்கம். தோழியிடம் மற்ற அட்டைகளையும் கேட்டேன். ஒன்றில் "பால் 1 லிட்டர் (5 டம்ளர்)" என்றிருந்தது. ஆயிரத்தை ஐந்தால் வகுத்தால் 200 மில்லி. டம்ளர் கிடைத்துவிட்டது.

அப்படி எதுவும் கிடைக்காவிட்டால் சாத்தியமான அளவுகளை வரிசைப்படுத்திக்கொண்டு விகிதத்தால் சோதிக்க வேண்டும். உலகெங்கும் புழங்கும் கப் அளவுகள் இவை: சின்னத் தேநீர்க் கோப்பை 140 முதல் 150 மில்லி, ஜப்பானியக் கப் 200, அமெரிக்கக் கப் 237, மெட்ரிக் கப் 250, பழைய பிரிட்டிஷ் கப் 284. வீட்டுப் பாத்திரம் இவற்றில் எதுவாகவும் இல்லாமல் இடையில் எங்காவது இருக்கலாம். ஆனாலும் சோதனை தொடங்க இவை போதும்.

7. மில்லியிலிருந்து கிராம்

கொள்ளளவு தெரிந்த பிறகு பொருளின் அடர்த்தியால் பெருக்க வேண்டும். வீட்டுச் சமையலுக்கு இந்தச் சில எண்கள் போதும்:

| பொருள் | 100 மில்லிக்குக் கிராம் |
|---|---|
| மைதா, கரண்டியால் அள்ளிப் போட்டுத் தலை தட்டியது | 50–54 |
| மைதா, டம்ளரை மாவுக்குள் அமுக்கி எடுத்தது | 60–62 |
| சர்க்கரை | 85 |
| பொடித்த சர்க்கரை | 50 |
| வெண்ணெய் | 95 |
| எண்ணெய் | 92 |
| பால் | 103 |
| தேன் | 142 |

சர்க்கரை, பால், எண்ணெய் ஆகியவை யார் அளந்தாலும் ஒன்றுதான். மைதா அப்படியில்லை. அதில் காற்று உண்டு. அளக்கும் விதத்தைப் பொறுத்து ஒரே டம்ளரில் 20 சதவீதத்துக்கு மேலும்கூட வேறுபடும். அட்டையில் சொற்களின் வரிசையைப் பாருங்கள். "சலித்த மைதா 2 டம்ளர்" என்றால் சலித்த பிறகு அளந்தது, லேசானது. "மைதா 2 டம்ளர், சலிக்கவும்" என்றால் அளந்த பிறகு சலித்தது, கனமானது. எதுவும் இல்லையென்றால் 53 என்று எடுத்துக்கொள்கிறேன். மாவு கொஞ்சம் குறைவாக இருந்தால் சரிசெய்துகொள்ளலாம், கூடிவிட்டால் கேக் கட்டியாகிவிடும்.

200 மில்லி டம்ளருக்கு: மைதா 400 மில்லி, 212 கிராம். சர்க்கரை ஒன்றேகால் டம்ளர் என்றால் 250 மில்லி, அதுவும் 212 கிராம். பால் முக்கால் டம்ளர் 150 மில்லி.

"முட்டை அளவு" வெண்ணெய்க்கு ஊகம் வேண்டாம், அளந்துவிடலாம். அளவுக் குவளையில் தண்ணீர் ஊற்றி, ஓட்டோடு ஒரு முட்டையைப் போடுங்கள். நீர்மட்டம் எவ்வளவு ஏறுகிறதோ அதுதான் முட்டையின் கன அளவு. நடுத்தர முட்டைக்குச் சுமார் 52 மில்லி. வெண்ணெயின் அடர்த்தியால் பெருக்கினால் ஏறக்குறைய 50 கிராம். மூன்று முட்டை அளவு 150 கிராம். நெல்லிக்காய் அளவு, எலுமிச்சை அளவு என்று எதுவானாலும் இதே முறைதான். மிதக்கும் பொருளை ஒரு குச்சியால் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்தால் போதும்.

கரண்டிகளுக்கு ஒரு சின்ன உத்தி. சமையல் தராசு பெரும்பாலும் 1 கிராமுக்குக் கீழே காட்டாது; 5 கிராமை அளக்கும்போது அந்தப் பிழை பெரிது. வீட்டுக் கரண்டியின் அளவு தெரிய வேண்டுமானால் பத்துக் கரண்டி தண்ணீரை ஒரு கிண்ணத்தில் ஊற்றி எடைபோட்டு, பத்தால் வகுங்கள். சாப்பிடும் கரண்டிகள் அளவுக்கரண்டிகள் இல்லை. வீட்டுக்கு வீடு மாறும். ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் 4.5 முதல் 5 கிராம், பொடி உப்பு 6 கிராம். கல் உப்பு அதே கரண்டியில் கணிசமாகக் குறைவு, இடையில் வெற்றிடம் இருப்பதால். ஒரு சிட்டிகை பொடி உப்பு அரைக் கிராமுக்கும் குறைவு. அதைக் கிராமாக மாற்றுவதில் பயனில்லை, சிட்டிகை என்றே விடுங்கள்.

8. விகிதத்தால் சோதித்தல்

இப்போது சந்தேகங்களை ஒவ்வொன்றாக எடுக்கலாம். வெண்ணெய் கேக்குக்குப் பேக்கரிக்காரர்கள் பழங்காலமாகப் பயன்படுத்தும் சில ஒப்பீடுகள் உண்டு. சர்க்கரை மாவின் எடைக்குச் சமமாக அல்லது சற்றுக் குறைவாக இருக்கும். முட்டையின் எடை வெண்ணெய்க்குக் குறையாது. பேக்கிங் பவுடர் 100 கிராம் மாவுக்கு 4, 5 கிராம். இவை சட்டம் இல்லை. இன்றைய குறிப்புகள் பல இவற்றை மீறுகின்றன. ஆனால் மூன்று மடங்கு தவறான வாசிப்பைக் காட்டிக்கொடுக்க இவை போதும்.

சர்க்கரை: 11/4 என்பதைப் பின்னமாகவே எடுத்தால் இரண்டே முக்கால் டம்ளர், 467 கிராம். 212 கிராம் மாவுக்கு அது கேக்காகவே நிற்காது. சர்க்கரை அதிகமானால் நடுவில் குழிந்து ஒட்டும். முதல் 1 வெறும் கோடு என்றால் 42 கிராம், இனிப்பே தெரியாது. ஒன்றேகால் என்றால் 212, மாவுக்குச் சமம். சந்தேகம் தீர்ந்தது.

பேக்கிங் பவுடர்: மே.க. என்றால் 2 மேசைக்கரண்டி, சுமார் 28 கிராம். 100 கிராம் மாவுக்கு 13. வேகமாக எழும்பி, நடுவில் இறங்கி, நாக்கில் சோப்புக் கசப்பு தங்கும். தே.க. என்றால் 9 கிராம், 100 கிராமுக்கு 4.2. ஆகவே தே.க.

டம்ளரையும் இதே வழியில் சோதித்துப் பார்த்தேன், மற்ற அட்டை கிடைத்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று தெரிந்துகொள்ள. 150 மில்லி என்றால் மாவு 159 கிராம். பேக்கிங் பவுடர் 100-க்கு 5.7 ஆகிறது, முட்டையும் பாலும் சேர்ந்து 260 கிராமைத் தாண்டி மாவு தண்ணீராகிவிடும். 284 என்றால் மாவு 300 கிராம், அதற்கு 150 கிராம் வெண்ணெயும் 9 கிராம் பவுடரும் குறைவு. 200, 250 இரண்டும் தாங்கும். அதாவது விகிதம் வாசலை ஒடுக்கிக் காட்டியது. உள்ளே போக இரண்டாவது அட்டைதான் தேவைப்பட்டது. பெரும்பாலான அட்டைகளில் இப்படித்தான் நடக்கும். விகிதம் மட்டுமே கையில் இருந்தால், நடுவில் உள்ள அளவை எடுத்து ஒரு முறை சுட்டுப் பாருங்கள்.

பால்: இங்கே விகிதம் கைவிரிக்கிறது. 1/4 டம்ளர் என்றால் 50 மில்லி, 3/4 என்றால் 150. முதலாவது கெட்டியான, பழைய பாணி மாவு. இரண்டாவது இளகிய, மென்மையான கேக். இரண்டும் நடக்கும். எழுத்தின் வளைவு 3 என்கிறது, அவ்வளவுதான் ஆதாரம். இப்படி முடிவாகாத ஒன்று திரவமாக அமைந்தது நல்லது, அதைக் கடைசியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம். திடப்பொருளில் இப்படி முட்டிக்கொண்டால் பாதி அளவில் இரண்டு கேக் செய்து ஒப்பிடுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

9. சுட்டுப் பார்த்து, பதிந்து வைத்தல்

மாற்றிய அளவுகளை இப்படி எழுதினோம்: மைதா 210 கிராம், சர்க்கரை 210 கிராம், வெண்ணெய் 150 கிராம், முட்டை 3 (ஓடில்லாமல் 150 கிராம்), பேக்கிங் பவுடர் 9 கிராம், உப்பு ஒரு சிட்டிகை, பால் 50 முதல் 150 மில்லி, 180 டிகிரி செல்சியஸ், 40 நிமிடம். 212-ஐ 210 ஆக்கியதில் தவறில்லை. மூல அளவிலேயே இருபது கிராம் தள்ளாட்டம் இருக்கும்போது கடைசி இரண்டு கிராமைக் காப்பாற்றுவது இல்லாத துல்லியத்தைக் காட்டுவதாகும்.

தோழி 50 மில்லி பாலில் தொடங்கினாள். கரண்டியிலிருந்து மாவு விழவே இல்லை, ஒட்டிக்கொண்டு நின்றது. 100-க்கு வந்தபோது கனமாக விழுந்தது. 140-இல் கரண்டியைச் சாய்த்தால் தானாக, நிதானமாக வழிந்தது. அங்கே நிறுத்தினாள். 40 நிமிடத்தில் நடுவில் குத்திய குச்சி சுத்தமாக வந்தது. பாட்டி சொன்ன நேரத்திலேயே வெந்ததும் மற்ற அளவுகள் ஏறக்குறைய சரி என்பதற்கு ஒரு சாட்சி. மாவு மிக அதிகமாகவோ பால் மிக அதிகமாகவோ இருந்தால் அந்த நேரம் ஒத்துவந்திருக்காது.

புது அட்டையில் கிராம் அளவுகளுக்குப் பக்கத்தில் பழைய சொற்களையும் எழுதச் சொன்னேன்: "மைதா 210 கிராம் (2 டம்ளர்)". கீழே ஒரு வரி: "டம்ளர் = 200 மில்லி, பால் அட்டையிலிருந்து. பாலின் அளவு 3/4 என்பது ஊகம், 140 மில்லி சரியாக வந்தது." எது அட்டையில் இருந்தது, எது கணக்கில் வந்தது, எது ஊகம் என்று அடுத்து எடுப்பவருக்குத் தனித்தனியாகத் தெரிய வேண்டும். பாட்டியின் மற்ற அட்டைகள் பதினேழு இருக்கின்றன. டம்ளர் தெரிந்துவிட்டதால் அவற்றுக்கு 6-ஆவது படி இனி தேவையில்லை.